மொய் நோட்டு, ரசீது புத்தகம், மஞ்சள் துணி

ரசீது புத்தகத்தோடு நான்கு பேர் வாசலில் வந்து நிற்கும்போது யாராலும் கணக்குப் போட முடியாது. வந்தவர்களில் ஒருவர் தெருக்காரர், இன்னொருவர் பையனோடு படிக்கிறவனின் அப்பா. புத்தகத்தை நீட்டும்போதே முதல் தாள் திறந்திருக்கும். அதில் யாரோ 5,001 எழுதியிருப்பார்கள். நாம் மனத்தில் 200 என்று நினைத்திருப்போம். அந்தத் தாளைப் பார்த்ததும் 500 ஆகும், "என்னக்கா, எதிர்வீட்டுலயே ஆயிரம் போட்டாங்க" என்றதும் அது 1,000 ஆகும். கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியபின் கொடுத்த நிறைவும் இருக்காது, பணமும் இருக்காது. கொடுக்காமல் அனுப்பினாலோ அன்று முழுக்க ஒரு குறுகுறுப்பு.

என் தங்கை வீட்டில் போன வருடம் இந்தக் குறுகுறுப்பு ஒரு சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்பியது. அவளும் அவள் கணவரும் மதுரையில் இருக்கிறார்கள். இருவரும் சம்பளக்காரர்கள், பிடித்தம் போக மாதம் 58,000 ரூபாய் கைக்கு வரும். மாப்பிள்ளையின் அக்கா மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் செய்ய வேண்டிய நேரத்தில் கையில் காசு இல்லை.

"கோயிலுக்கும் மொய்க்கும் மாசம் ரெண்டாயிரம் போகும்ணே, அவ்வளவுதான். அதுக்குமேல எங்க போகுதுன்னே தெரியல" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். எங்களிடம் இருந்த ஆவணங்கள் மூன்று. ஒன்று, செல்போனில் அனுப்பிய பணத்தின் ஒரு வருடப் பட்டியல். இரண்டாவது, அலமாரி மேல் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்த பத்திரிகைக் கட்டு. வந்த பத்திரிகைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் மொய்யில் பெரும்பகுதி ரொக்கம், அதற்கு வேறு தடயம் கிடையாது. மூன்றாவது, மாப்பிள்ளையின் ஞாபகம். அதை மட்டும் நம்பியிருந்தால் பாதிகூட வந்திருக்காது.

மொத்தம் 86,100 ரூபாய். அவர்கள் நினைத்திருந்தது வருடத்துக்கு 24,000. வருமானத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்குச் சற்று மேல் போயிருந்தது.

"இவ்வளவு தானம் பண்ற ஆளா நாம?" என்று மாப்பிள்ளை சிரித்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் விஷயமே பிடிபட்டது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி தானமே இல்லை.

ஒரே பையில் மூன்று காசு

நாம் "கொடுக்கிறது" என்று ஒரே சொல்லால் சொல்வதற்குள் மூன்று வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது கடன். மொய்யும் செய்முறையும் இதில் சேரும். என் பெண்ணின் காதணி விழாவுக்கு ஒருவர் 500 எழுதினால் அவர் வீட்டு விசேஷத்தில் நான் அதைத் திருப்ப வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். எழுதப்படாதது என்று சொல்வதுகூடத் தவறு. நோட்டுப் போட்டு எழுதித்தான் வைக்கிறோம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். அங்கே இதை யாரும் அன்பளிப்பு என்று மழுப்புவதில்லை. கறி விருந்து போட்டு மொய் வாங்கி, வந்த பணத்தில் கிணறு வெட்டுவார்கள், வீடு கட்டுவார்கள், தொழில் தொடங்குவார்கள், பிறகு வருடக்கணக்கில் ஒவ்வொரு விருந்தாகப் போய்த் திருப்புவார்கள். வட்டி இல்லாத, தவணை தெரியாத கடன்.

இரண்டாவது வரி. சொந்த ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறார்களே, அதன் பெயரிலேயே வரி இருக்கிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்வது. நகரத்தார் இதைப் புள்ளி வரி என்பார்கள். கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. தெருப் பிள்ளையாருக்கும் ஆடிக் கூழுக்கும் தருவதும், தீபாவளிக்குத் தூய்மைப் பணியாளர், தபால்காரர், சிலிண்டர் போடுகிறவருக்குத் தரும் இனாமும் எழுத்தில் வரி இல்லை. ஆனால் அந்த இடத்தில் வாழ்வதற்கான பங்கு என்ற அளவில் இதே வகைதான்.

மூன்றாவதுதான் தானம். திரும்ப வராது, யாரும் விதிக்கவில்லை, கொடுக்காவிட்டால் கேட்பாரும் இல்லை. உண்டியல், அன்னதானம், ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு, தெரியாத ஒருவரின் ஆஸ்பத்திரிச் செலவு.

தங்கை வீட்டு 86,100-ஐ இப்படிப் பிரித்தோம். 31 விசேஷங்களுக்கு மொய்யும் சீருமாகப் போனது 57,500. இதில் தாய்மாமன் சீர் மட்டும் 35,000. வரி வகையில் 6,400. குலதெய்வம் கோயிலுக்கு வேன் வைத்துப் போய்ப் பொங்கல் வைத்து வந்தது 6,500. இதைக் கொடுத்த கணக்கில் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. சாமி கும்பிடப் போன குடும்பப் பயணம் அது, பயணச் செலவில்தான் வரவேண்டும். மிச்சம் 15,700 ரூபாய்தான் தானம். வருமானத்தில் நூற்றுக்கு இரண்டேகால்.

மூன்றில் இரண்டு பங்கு கடன் அடைக்கப் போயிருக்கிறது. ஆனால் வருடம் முழுக்க இவர்களை உறுத்தியது எது தெரியுமா? ரசீது புத்தகக்காரர்களை இரண்டு முறை வெறுங்கையோடு அனுப்பியது. 35,000 சீர் உறுத்தவே இல்லை. உறுத்தல் ஓரிடத்தில், ஓட்டை வேறிடத்தில்.

இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டு "மாதம் இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது" என்று கட்டு போட்டால் என்ன ஆகும்? முகூர்த்த மாதத்தில் மொய் வந்து பையைக் காலி செய்யும். பிறகு வருகிற அன்னதானத்துக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். கடனும் வரியும் நம்மை விடாது என்பதால் வெட்டு விழுவது எப்போதும் தானத்தின் மேல்தான். அதனால் மூன்றுக்கும் மூன்று பை வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அளவு போடும் முறையும் வேறு.

மொய் நோட்டைப் படிப்பது

கடன் பைக்கு எவ்வளவு என்பதைச் சம்பளத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மொய் நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தங்கை வீட்டில் இரண்டு நோட்டு இருந்தன. அவர்கள் கல்யாண நோட்டு, மகளின் காதணி விழா நோட்டு. காதணி விழா நோட்டில் 240 பெயர், மொத்தம் 1,86,000. இதில் 70 பேருக்குத் திருப்பியாகிவிட்டது என்பது நோட்டின் ஓரத்தில் போட்டிருந்த டிக் குறிகளிலிருந்து தெரிந்தது. மீதி 170 பெயர், சுமார் 1,20,000 ரூபாய். இவ்வளவு கடன் தங்கள் தலையில் இருப்பது அன்றுவரை இருவருக்கும் தெரியாது. நோட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது, அவ்வளவுதான்.

நோட்டு எழுதியவர் வந்த வரிசையில் எழுதியிருப்பார். அதனால் ஒரு பத்திரிகை வந்தால் அந்த ஆளைத் தேட நோட்டு முழுவதையும் புரட்ட வேண்டும். புரட்டச் சோம்பல்பட்டு, "ஆயிரமா எழுதிருவோம்" என்று உத்தேசமாகப் போய்விடுவார்கள். இங்கேதான் பணம் ஒழுகுகிறது. நாங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். நோட்டை ஊர்வாரியாகத் திரும்ப எழுதினோம். நம் பக்கம் மொய்யில் ஊர்ப்பெயர்தான் முதலில் வரும், ஆகவே தேடுவதும் ஊரை வைத்துத்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வந்த தொகை, எந்த வருடம், எந்த விசேஷம், நாம் திருப்பியது எவ்வளவு என்று நான்கு கட்டம். மூன்று மாலை ஆயிற்று. போன வருடம் போன 30 மொய்களை இதில் வைத்துப் பார்த்தால் 22 பழைய மொய்யைத் திருப்பியது, 8 புது மொய், அதாவது இவர்களாக யாருக்கோ புதிதாகக் கொடுத்த கடன். இந்த எட்டில் மூன்று, முகத்துக்காக எழுதியவை. ஒருவர் மாப்பிள்ளையின் அலுவலகத்தில் வேறு மாடியில் இருக்கிறவர்.

புது மொய் எழுதுவதில்தான் கை வைக்க முடியும். பழையதைத் திருப்பாமல் இருக்க முடியாது. வாங்கியதற்குக் கொஞ்சம் கூட்டி எழுதுவது வழக்கம். கூட்டிய பகுதி நம் பெயரில் புதுக் கடனாக நிற்கும், கணக்கு தொடரும். வாங்கியதை அப்படியே எழுதினால் கணக்கு முடிந்தது என்று அர்த்தம் செய்துகொள்பவர்களும் உண்டு. நெருங்கிய உறவில் அது மனத்தாங்கலாகும். தூரத்துப் பழக்கத்தில், வேலை மாறிப் போன இடத்து ஆட்களிடத்தில், அப்படி முடித்துக்கொள்வதில் தப்பில்லை. அவர்களும் அதையே விரும்பக்கூடும்.

பணத்தைவிடப் பயப்பட வேண்டியது தங்கத்துக்கு. நோட்டில் "மோதிரம் 1 கிராம்" என்று ஒரு வரி இருந்தால் அது பணக் கடன் இல்லை, தங்கக் கடன். 2015-ல் ஒரு கிராம் ஆபரணத் தங்கம் 2,500 ரூபாய் அளவில் இருந்தது. 2025-ல் 10,000-ஐத் தாண்டியது. அன்று 2,500 ரூபாய்க்கு வந்த மோதிரத்தை இன்று மோதிரமாகத்தான் திருப்ப வேண்டும் என்று உறவு எதிர்பார்த்தால் நான்கு மடங்கு போகும். தங்கை வீட்டு நோட்டில் இப்படி ஐந்து வரி. அந்த ஐந்து வீட்டிலும் எந்தப் பிள்ளைக்கு எப்போது விசேஷம் வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டோம். இனிமேல் தாங்கள் தங்கமாகச் செய்வதில்லை, பணமாகத்தான் எழுதுவது என்றும் முடிவு செய்தார்கள்.

சீர் என்பது மொய்யைவிடப் பெரியது, ஆனால் ஒருவிதத்தில் சுலபம், ஏனென்றால் முன்கூட்டியே தெரியும். அக்கா தங்கை பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வயது என்பது தெரியாத தாய்மாமன் கிடையாது. மாப்பிள்ளைக்கு அடுத்த ஐந்து வருடத்தில் ஒரு காதணி விழாவும் ஒரு கல்யாணமும் வரும். இரண்டுக்குமாக 1,20,000 என்று வைத்தார்கள். ஐந்து வருடத்தில் அறுபது மாதம், மாதம் 2,000. தபால் அலுவலகத்தின் தொடர் வைப்பு ஐந்து வருடக் கணக்குதான் என்பதால் அது இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. மொய்க்கு இன்னொரு 2,000. இந்த 2,000 மாதாமாதம் ஒரே சீராகச் செலவாகாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. ஆவணியிலும் தையிலும் ஒரே வாரத்தில் ஐந்து பத்திரிகை வரும். சும்மா இருக்கிற மாதத்தில் சேர்ந்த பணம்தான் முகூர்த்த மாதத்துக்கு. மாதக் கணக்குப் பார்க்கிறவர்கள் ஆவணியில் பட்ஜெட் உடைந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். உடையவில்லை, அது வருடக் கணக்கு.

வரிப் பைக்கு அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. போன வருடம் 6,400. இந்த வருடம் மாதம் 600 எடுத்து வைத்தார்கள்.

மகமை

தானத்துக்கு எவ்வளவு? இதற்கு நோட்டும் கிடையாது, விதிக்கிறவரும் கிடையாது. ஆனால் நம் ஊர் வியாபாரிகள் இதற்கு நெடுநாள் முன்பே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அதன் பெயர் மகமை.

விருதுநகரிலும் சிவகாசியிலும் நாடார் உறவின்முறைகள் வியாபாரத்தில் மகமை பிடித்தன. இத்தனை மூட்டைக்கு இவ்வளவு, இவ்வளவு விற்பனைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொதுவுக்கு ஒதுங்கிவிடும். அந்தப் பணத்தில் கோயிலும் சத்திரமும் பள்ளிக்கூடமும் வந்தன. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியும் உதவியது. உலையில் போட அளக்கும் அரிசியில் ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவார்கள். பிறகு ஆள் வந்து வாங்கிப் போவார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒதுக்கிய நேரத்தை. கேட்க ஆள் வருவதற்கு முன்பே அது பிரிந்துவிட்டது. கொடுக்கலாமா வேண்டாமா, எவ்வளவு என்ற கேள்வி வாசலில் எழுவதே இல்லை. பானையில் இருப்பது ஏற்கனவே நம்முடையது இல்லை. அரிசி குறைவாக அளந்த நாளிலும் ஒரு பிடிதான், விருந்து நாளிலும் ஒரு பிடிதான். மனம் இளகியதற்காக இரண்டு பிடி போகாது.

தங்கையும் மாப்பிள்ளையும் தானத்துக்கு மாதம் 1,500 என்று வைத்தார்கள். சம்பளம் வந்த மறுநாளே அது தனி வங்கிக் கணக்குக்குத் தானாகப் போய்விடும். அந்தக் கணக்குக்கென்று செல்போன் செயலியில் தனி இணைப்பு. உண்டியலுக்கும் அர்ச்சனைக்கும் வேண்டிய ரொக்கத்தை அதிலிருந்து எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறாள். வருடத்துக்கு 18,000. இதை மூன்றாகப் பிரித்தார்கள். கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் 6,000. அவள் பள்ளியில் அப்பா இல்லாத ஒரு பிள்ளையின் நோட்டு, சீருடைச் செலவுக்கு 6,000. மீதி 6,000, அதாவது மாதம் 500, கேட்டு வருகிறவர்களுக்கு. இந்த மூன்றாவது பங்கு கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்னாலேயே இடம் சொல்லிவிட்டால், தெருவில் ஒருவர் வீடு எரிந்துவிட்டது என்று வரும்போது திட்டம் நொறுங்கிவிடும்.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். சீருக்கு 2,000, மொய்க்கு 2,000, வரிக்கு 600, தானத்துக்கு 1,500, மாதம் 6,100. வருடத்துக்கு 73,200. போன வருடத்தைவிட 12,900 குறைவு. அதில் பாதி வேறு கணக்குக்குப் போன குலதெய்வப் பயணம். மீதிக் குறைவு மொய்யிலும் சீரிலும் விழுந்தது. தானம் 15,700-லிருந்து 18,000 ஆக ஏறியிருக்கிறது.

எவ்வளவு சதவீதம் சரி என்று பொதுவாக ஒரு எண்ணைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சில மரபுகளில் அந்த எண் தயாராகவே இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்குத் தசமபாகம், பத்தில் ஒன்று. முஸ்லிம்களுக்கு ஜகாத் நூற்றுக்கு இரண்டரை, ஆனால் அது சம்பளத்தின்மேல் இல்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு சந்திர வருடம் கையில் தங்கிய செல்வத்தின்மேல். யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்கும் எட்டு வகை வகுத்திருக்கிறார்கள். என் நண்பர் ஒருவர் ரமலானுக்கு முன் காகிதத்தில் கணக்குப் போட்டு ஜகாத்தைத் தனியாக எடுத்துவிடுவார். உறவில் கல்யாண அன்பளிப்பு எழுதினால் அந்தப் பணத்தைத் தொடமாட்டார். "அது வேற பாக்கெட் பாய்" என்பார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்ததை அவர் இளவயதிலிருந்தே செய்துகொண்டிருக்கிறார். கடனில் இருக்கிற வீட்டுக்கு எந்தச் சதவீதமும் பொருந்தாது. தங்கை வீட்டில் அடகு நகை மீளும்வரை மூன்று மாதம் தானப் பையில் 500 மட்டுமே போட்டார்கள். திருவள்ளுவர் அளவறிந்து கொடுப்பதைப் பற்றி ஈகை அதிகாரத்தில் பேசவில்லை; தன் பலத்தை எடை போடும் வலியறிதல் அதிகாரத்தில் பேசியிருக்கிறார், அதுவும் பொருட்பாலில்.

நேர்த்திக்கடனை எந்தப் பையில் வைப்பது என்று தங்கை கேட்டாள். பெயரிலேயே கடன் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் வாய்க்கு வந்த தொகையை வேண்டிக்கொண்டு, பிறகு வருடக்கணக்கில் "சாமிக்குற்றம்" என்று பயந்துகொண்டிருப்பதுதான் நம் வீடுகளில் பெரிய உறுத்தல். இதற்கும் பாட்டிமார் வழி வைத்திருந்தார்கள். வேண்டிக்கொண்ட உடனே ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன் வைத்துவிடுவார்கள். மீதியைச் சேர்த்துச் செலுத்தும்வரை அது அச்சாரம். தங்கை அந்த முடிச்சோடு ஒரு துண்டுச் சீட்டும் வைத்தாள். எந்தக் கோயில், எவ்வளவு, எந்த மாதத்துக்குள். பழைய வேண்டுதல்கள் இரண்டு இருந்தன, ஒன்று 3,000. அதை மாதம் 250 வீதம் ஒரு வருடத்தில் முடிப்பதாக எழுதினாள். முடிக் காணிக்கை, பாத யாத்திரை, தீச்சட்டி, அங்கப்பிரதட்சணம் என்று பணமாக இல்லாத வேண்டுதல்கள் எத்தனையோ இருக்கும்போது ஏன் பயத்தில் ரூபாயை மட்டும் வேண்டிக்கொள்கிறோம் என்று எனக்குப் புரிவதில்லை.

வாசலில் என்ன சொல்வது

எழுதி வைத்த திட்டத்துக்கு முதல் சோதனை வாசலில்தான் வரும். நாங்கள் கண்ட தந்திரம் மிகச் சின்னது: ரசீது புத்தகம் திறப்பதற்கு முன் தொகையைச் சொல்லிவிடுவது. "வாங்க தம்பி, பிள்ளையாருக்கு எங்க வீட்டுல ஐநூறு வச்சிருக்கோம், எழுதிக்கோங்க." முதல் தாளைப் பார்த்தபின் சொன்னால் அது பேரம், பார்க்கும் முன் சொன்னால் அறிவிப்பு. "வச்சிருக்கோம்" என்ற சொல்லுக்கு ஒரு பலம் இருக்கிறது. எடுத்து வைத்ததைக் கூட்டச் சொல்லிக் கேட்பது கேட்பவருக்கே கூச்சமாக இருக்கும். இந்த மாதத்துக் கேட்போர் பங்கு தீர்ந்திருந்தால், "இந்த மாசத்துக்கு வச்சது முடிஞ்சிருச்சு, அடுத்த மாசம் வாங்க" என்பாள். உண்மையாகவே அடுத்த மாதம் வந்தால் கொடுப்பாள். வராதவர்களே அதிகம்.

தெரியாதவர்களின் சிகிச்சைக்கு என்று செல்போனுக்கு வரும் செய்திகளில் இரண்டு பழக்கம் வைத்தார்கள். படத்தைப் பார்த்த நிமிடத்தில் அனுப்புவதில்லை, ஒரு இரவு கழியட்டும். முடிந்தால் தனியார் எண்ணுக்கு அனுப்பாமல் மருத்துவமனைக் கணக்குக்கு நேராகக் கட்டுவது. போன வருடம் அனுப்பிய 1,100-இல் 600 எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது.

"நன்கொடை கொடுத்தால் வருமான வரி குறையும்" என்று சொல்லித் தொகையைக் கூட்டச் சொல்பவர்களும் வருவார்கள். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சலுகை பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குத்தான். புதிய முறையில் இருப்பவர்களுக்குக் கிடையாது, தங்கையும் மாப்பிள்ளையும் புதிய முறையில்தான் இருக்கிறார்கள். பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. அரிசி, துணி என்று பொருளாகக் கொடுத்ததற்கும் கிடையாது. பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கொடுத்ததில் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதுவும் அந்த நிறுவனத்துக்குப் பதிவு இருந்தால். சலுகை இருக்கிறது என்பதற்காக 2,000 போடுவதை 4,000 ஆக்கினால் கையை விட்டுப் போவதுதான் மிச்சம்.

வாசலில் நிற்பவர்களைவிட உறவுக்குள் சொல்வதுதான் கடினம். மாப்பிள்ளையின் அக்கா இரண்டாவது பெண்ணுக்குக் காதணி விழா வைக்கப் போவதாகச் சொன்னதும் இவர் விழாவுக்கு நான்கு மாதம் முன்பே போய், "அக்கா, இந்தத் தடவை எங்களால இருபதுதான் முடியும். முன்னாடியே சொல்லிடறேன், மண்டபத்துல வந்து நின்னுட்டு சொல்லக் கூடாதில்ல" என்றார். முதல் முறை செய்தது 35,000. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் போன் வரவில்லை. பிறகு போன் செய்து, பட்டுப்புடவையைத் தானே எடுத்துக்கொள்வதாகவும், மாலை, பழத்தட்டு, தோடு மட்டும் மாமன் கொண்டுவந்தால் போதும் என்றும் சொன்னார். குரலில் பழைய இளக்கம் இல்லை என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டார். இந்த வருத்தத்தைத் தீர்க்க எந்தப் பட்ஜெட்டிலும் வழி இல்லை. முன்பே சொன்னதால் அந்தம்மா தன் செலவை மாற்றி அமைத்துக்கொள்ள நேரம் கிடைத்தது, இவர்கள் சங்கிலி கழுத்திலேயே இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆவணியில் பதினொரு பத்திரிகை வந்தது. தங்கை ஒவ்வொன்றாக ஊர்வாரி நோட்டில் தேடினாள். பத்துக்குப் பெயர் கிடைத்தது. பதினொன்றாவது யார் என்று இருவருக்கும் தெரியவில்லை. பத்திரிகையைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மொய்ப் பையில் அந்த மாதம் 500 மீதி இருந்தது. போய் எழுதிவிட்டு வந்தார்கள். வந்தபின் கல்யாண நோட்டின் கடைசித் தாளில், மூலையில், வேறு மையில் எழுதியிருந்த ஒரு வரியைத் தங்கை பார்த்தாள். "பெட்டிக்கடை மாமா, 51." எழுதிவிட்டு வந்தது அவருடைய பேரன் கல்யாணத்துக்குத்தான்.